கை எப்போது நடுங்குகிறது?

பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் ஒருவர் போன ஆடி மாதம் என் கிளினிக்குக்கு வந்தார். வயது 36. துணைக்கு அவருடைய அப்பாவும் வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நகைக்கடன் வாங்கப் போன இடத்தில் மகனின் கையெழுத்து பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று மூன்று முறை திரும்பப் போடச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது முறை போட்டது முதலில் போட்டதைவிட மோசம்.

"பேனாவை எடுத்தாலே கை ஆடுதுங்க டாக்டர். பின்னாடி வரிசையில நிக்கறவங்க எல்லாம் என் கையையே பாக்கறாப்ல இருக்குங்க. எனக்கு நரம்புத் தளர்ச்சிங்களா?"

கை நடுங்குகிறது என்று வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தச் சொல்லோடுதான் வருகிறார்கள். சுவரொட்டிகளும் இரவு நேரத் தொலைக்காட்சி வைத்தியர்களும் பல வருடங்களாகச் சொல்லிச் சொல்லி அதை ஒரு நோயின் பெயராகவே ஆக்கிவிட்டார்கள். மருத்துவத்தில் அப்படி ஒரு நோய் இல்லை. ஆனால் அந்தப் பெயரை நம்பி இவர் ஏற்கெனவே பத்து நாள் சிவப்பு நிறச் சத்து ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஊசியில் இருப்பது பி12 வைட்டமின். அது உடலில் குறைந்தால் பாதம் மரத்துப்போகும், எரியும், இருட்டில் நடக்கும்போது தள்ளாடும். பேனா பிடிக்கும்போது மட்டும் கை ஆடுவது அதன் அடையாளம் அல்ல. ஊசி கேட்காமல் போனதில் வியப்பில்லை.

நடுக்கத்தோடு வருகிறவரிடம் நான் முதலில் கேட்பது, எவ்வளவு நடுங்குகிறது என்பதை அல்ல. எப்போது நடுங்குகிறது என்பதைத்தான். கை மடியில் சும்மா கிடக்கும்போதா? நீட்டிப் பிடித்திருக்கும்போதா? ஒரு பொருளை நோக்கிப் போகும்போதா? லேசாக ஆடும் கையில் பெரிய நோய் இருக்கலாம், டம்ளரிலிருந்து தண்ணீர் சிந்தும் அளவுக்கு ஆடும் கையில் ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். அளவை வைத்து முடிவு சொல்ல முடியாது. நேரத்தை வைத்துப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இவருடைய பதில் தெளிவாக இருந்தது. கையெழுத்துப் போடும்போது, நாலு பேர் முன்னால் டீ கிளாஸைத் தூக்கும்போது, முதலாளி பக்கத்தில் வந்து நின்றால் அளவு குறிக்கும்போது. "மெஷின்ல துணி வெட்டறப்போ?" என்று கேட்டேன். "அப்போ ஒண்ணும் தெரியறதில்லீங்க" என்றார். துணி அடுக்கின் மேல் கையை ஊன்றி, தனக்குப் பழகிய வேலையைத் தன் போக்கில் செய்யும்போது கை நிதானமாக இருக்கிறது. யாராவது பார்த்தால் ஆடுகிறது.

அவருடைய கையில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, எல்லோருடைய கையும் எப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தசை இழுத்துப் பிடித்திருக்கும்போது அதன் இழைகள் எல்லாம் ஒன்றாக இழுப்பதில்லை. சில இழைகள் சுருங்கும், சில விடும், உடனே வேறு சில சுருங்கும். தேர் வடத்தை நூறு பேர் இழுக்கும்போது ஆளாளுக்கு மூச்சு வாங்கி இழுத்தாலும் தேர் நகர்ந்துகொண்டிருக்குமே, அதுபோல. அந்த மாறி மாறி இழுப்பில் ஒரு சிறு அதிர்வு இருக்கத்தான் செய்யும். ஒவ்வொரு இதயத் துடிப்பும் கையை மிக மெல்ல உலுக்குகிறது, அதுவும் இதில் சேரும். நீட்டிய கையில் இந்த அதிர்வு நொடிக்கு 8 முதல் 12 முறை. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. கைப்பேசிக் கேமராவில் தூரத்துப் பொருள் ஒன்றை முழுவதும் பெரிதாக்கிப் பாருங்கள், திரையில் படம் ஆடுவது உங்கள் கையின் ஆட்டம்தான்.

பயம் வந்தால் சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அட்ரினலினை இரத்தத்தில் விடுகிறது. அது தசைகளைத் தொட்டதும் இழைகள் சுருங்கி விடும் வேகம் கூடுகிறது. முன்பு ஆளாளுக்கு இழுத்தவர்கள் இப்போது ஒரே நேரத்தில் வெடுக் வெடுக்கென்று இழுக்கிறார்கள். அதிர்வு வெளியே தெரிய ஆரம்பிக்கிறது. தாலி கட்டும் மாப்பிள்ளையின் கை, முதல்முறை மைக் பிடிக்கும் மாணவியின் கை, விபத்தைப் பார்த்துவிட்டு வந்தவரின் கை எல்லாம் ஆடுவது இதனால்தான். நரம்பு தளரவில்லை. சொல்லப்போனால் அளவுக்கு மீறி விழித்திருக்கிறது.

கையெழுத்துக்காரரின் சிக்கலில் இன்னொரு சுற்று உண்டு. ஒருமுறை கை ஆடியது. அடுத்தமுறை ஆடிவிடுமோ என்ற பயம். அந்தப் பயத்தில் அட்ரினலின், அதனால் ஆட்டம். ஆடாமல் இருக்கப் பேனாவை இறுக்கிப் பிடிக்கிறார். தசையை இறுக்க இறுக்க அந்த இயல்பான அதிர்வு பெரிதாகும் என்பது அவருக்குத் தெரியாது. நின்றபடி, முழங்கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு, பேனாவை இறுக்கிப் பிடித்துக் கையெழுத்துப் போடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. உட்கார்ந்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மேசையில் கிடத்தி, பேனாவைத் தளர்வாகப் பிடித்துப் போட்டால் அந்த நிமிடமே பாதி குறையும். என் மேசையில் இரண்டு விதமாகவும் போடச் சொன்னேன். இரண்டாவது கையெழுத்து அவருடைய ஆதார் அட்டையில் இருந்த மாதிரியே வந்தது.

அட்ரினலின் தசையைத் தொடும் வாசலை அடைக்கும் புரோப்ரனலால் என்ற மருந்து உண்டு. மேடை நடுக்கத்துக்கு அதைச் சிலருக்குக் கொடுப்போம். கையை எவ்வளவு நிதானப்படுத்தும் என்றால், துப்பாக்கி சுடும் போட்டியிலும் வில்வித்தையிலும் அது தடைசெய்யப்பட்டிருக்கிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரிய வீரர் கிம் ஜாங்-சு கைத்துப்பாக்கிப் போட்டிகளில் வென்ற இரண்டு பதக்கங்களையும் இந்த மருந்தால் இழந்தார். ஆஸ்துமா இருப்பவருக்கு இதே மாத்திரை மூச்சுக்குழாயை இறுக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். நண்பர் சாப்பிட்டார், சரியாகிவிட்டது என்று கடையில் வாங்கும் மருந்து அல்ல இது.

இனி டீ. "ஒரு நாளைக்கு எத்தனை?" என்றேன். "நாலஞ்சு இருக்குங்க" என்றார். அப்பா குறுக்கே வந்தார். "வீட்ல மட்டுமே மூணுப்பா." உட்கார்ந்து எண்ணினோம். விடிந்ததும் ஒன்று, வேலைக்குக் கிளம்பும்போது ஒன்று, கம்பெனியில் காலை இரண்டு, மதியம் சாப்பிட்டதும் ஒன்று, சாயங்காலம் இரண்டு, வீட்டுக்கு வந்ததும் ஒன்று, ஓவர்டைம் இருந்தால் இரவு ஒன்பதுக்கு ஒன்று. ஒன்பது. காலைச் சாப்பாடு பல நாள் கிடையாது, அந்த நேரத்தை டீயும் ஒரு வடையும்தான் நிரப்பின.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கும் என்கிறது. அதே அளவு டிகாக்ஷன் காபியில் 80 முதல் 120. ஒரு நாளுக்கு 300 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்பது அதன் அறிவுரை. டீக்கடை கிளாஸ் அதைவிடச் சின்னது, ஆனால் டஸ்ட் டீயைக் கொதிக்கக் கொதிக்க வைத்திருக்கும் டிகாக்ஷன் கெட்டியானது. கிளாஸுக்கு 40 என்று வைத்தாலும் ஒன்பது கிளாஸுக்கு 360 வந்துவிடுகிறது.

அந்தக் கணக்கைவிட முக்கியமானது காஃபின் உடலில் தங்கும் காலம். குடித்த முக்கால் மணி நேரத்தில் அது இரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அதில் பாதி வெளியேற ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று குடிப்பவருக்கு முந்தையது கரைவதற்குள் அடுத்தது வந்து சேர்கிறது. சாயங்காலம் அவர் உடலில் இருப்பது ஒரு டீயின் காஃபின் அல்ல, நாலைந்து டீயின் மிச்சம். இரவு ஒன்பது மணி டீயில் பாதி அதிகாலை இரண்டு மணிக்கும் இருக்கும். தூக்கம் ஆழமாக வராது. தூக்கம் கெட்டாலே மறுநாள் கை கூடுதலாக ஆடும். அந்தக் களைப்பைப் போக்க இன்னும் ஒரு டீ. கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் காஃபின் வெளியேற இன்னும் நேரமாகும், அதனால் அவர்கள் இரண்டு மூன்று கிளாஸிலேயே படபடப்பை உணரலாம்.

களைப்பை அறிவிப்பதற்கென்று மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். காஃபின் அது உட்காரும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. மூளைக்குக் களைப்புச் செய்தி போவதில்லை, அட்ரினலினும் கொஞ்சம் கூடுதலாக ஊறுகிறது. ஆக டீ புதிதாக ஒரு நடுக்கத்தை உண்டாக்குவதில்லை. பயம் எந்தப் பழைய அதிர்வைப் பெரிதாக்கியதோ அதையே இதுவும் பெரிதாக்குகிறது. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்தால் பேனா ஆடுகிறது.

ஆனாலும் டீயின் மேல் பழியைப் போட்டு அனுப்பிவிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு. கைகளை முன்னால் நீட்டச் சொல்லி விரல்களின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். தாளின் ஓரம் படபடவென்று வேகமாக, மிகச் சிறிதாகத் துடித்தது. இரண்டு கையிலும் ஒரே அளவு. இந்த நுண்ணிய துடிப்பு தைராய்டு மிகையாகச் சுரப்பவர்களிடமும் அப்படியே இருக்கும். அவர்கள் நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவார்கள், மின்விசிறிக்குக் கீழேயும் வேர்ப்பார்கள், நெஞ்சு சும்மா இருக்கும்போதே அடித்துக்கொள்ளும். இவருக்கு எடை குறையவில்லை. இருந்தாலும் இரத்தத்தில் டிஎஸ்எச் பார்க்க எழுதிக் கொடுத்தேன், சரியாகவே வந்தது. மூச்சிரைப்புக்கு இழுக்கும் சால்பியூட்டமால், வலிப்புக்கான வால்ப்ரோவேட், மனநல சிகிச்சையில் தரும் லித்தியம் ஆகியவையும் இதே மாதிரி நடுக்கம் தரும். எதுவும் எடுக்கவில்லை. குடிப்பழக்கம் இல்லை. இதைக் கேட்காமல் விடக் கூடாது. தினமும் குடிப்பவருக்குக் காலையில் கை ஆடி, கொஞ்சம் குடித்ததும் நின்றால், அது உடல் மதுவுக்கு அடிமையாகிவிட்டதன் அடையாளம். அப்படிப்பட்டவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளுக்குள் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரலாம். அவர் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மருத்துவர் துணையோடு.

பிறகு வெள்ளைத் தாளில் நத்தைக்கூடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னேன். மணிக்கட்டும் முழங்கையும் மேசையில் படக்கூடாது. நடுவில் ஆரம்பித்து ஐந்து சுற்று. கோடு கொஞ்சம் பிசிறு தட்டியது, அவ்வளவுதான். குடும்பத்து நடுக்கம் என்று ஒன்று உண்டு, மருத்துவத்தில் எசன்ஷியல் ட்ரெமர் என்போம். அது இருந்தால் கோடு முழுக்க ஒரே சீரான அலையாக வரும், பல்வரிசை மாதிரி. அதுவும் வேலை செய்யும்போது வரும் நடுக்கம்தான், இரண்டு கையிலும் வரும். ஆனால் தனியாக இருந்தாலும் வரும், டீ குடிக்காவிட்டாலும் வரும், வருடக் கணக்கில் மெல்லக் கூடும். சிலருக்குத் தலை வேண்டாம் வேண்டாம் என்பது போல் ஆடும், குரல் நடுங்கும். பாதிப் பேருக்காவது அப்பாவுக்கோ பெரியம்மாவுக்கோ இதே மாதிரி இருந்திருக்கும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் விருந்தில் ரசத்தை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் பந்தியையே தவிர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இது சாதாரணம், போங்கள் என்று சொல்வது தவறு. மருந்து இருக்கிறது, கேட்க வேண்டும்.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. கைகளை மடியில் தளர்வாகப் போடச் சொல்லி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னேன். மனம் கணக்கில் இருக்கும்போது, ஒளிந்திருக்கும் ஓய்வு நடுக்கம் வெளியே வரும். அவர் "தொண்ணூத்தி மூணு, எம்பத்தி ஆறு" என்று சொல்லிக்கொண்டு போனார். கைகள் அசையவே இல்லை.

பக்கத்து நாற்காலியில் அப்பாவும் மனதுக்குள் கழித்துக்கொண்டிருந்தார், உதடு அசைந்தது. அவருடைய வலது கை மடியில் கிடந்தபடியே ஆட ஆரம்பித்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விளக்குக்குத் திரி திரிப்பது போல ஒன்றின் மேல் ஒன்று உருண்டன. நொடிக்கு நாலைந்து முறை இருக்கும், மகனின் நடுக்கத்தைவிட மிக நிதானம். அவரே அதைக் கவனித்து இடது கையால் வலது கையை மூடிக்கொண்டார்.

"எத்தனை நாளா இருக்குங்க ஐயா?"

"அது ஒண்ணும் பண்றதில்லீங்க. ஏதாச்சும் எடுக்கப் போனா நின்னு போயிரும்."

கவலைப்பட வேண்டியதே அதுதான். வேலை செய்யும்போது நின்று, சும்மா இருக்கும்போது வருகிற நடுக்கம். வேலைக்கு இடைஞ்சல் இல்லாததால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரை வைத்து எழுதிய சிறு நூலில் விவரித்தது இந்த நடுக்கத்தைத்தான், அந்த நோய்க்குப் பிறகு அவர் பெயரே வந்தது. மூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்ற பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் குறையும்போது அது வருகிறது. பெரும்பாலும் ஒரு பக்கத்துக் கையில் ஆரம்பிக்கும்.

பெரியவருக்கு 64 வயது, விசைத்தறி ஓட்டியவர். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் விரிய விரிய வேகமாகத் தட்டச் சொன்னேன். இடது கை சரியாகத் தட்டியது. வலது கை பத்தாவது தட்டலுக்குள் சின்னதாகிச் சின்னதாகி, கடைசியில் இரண்டு விரலும் ஒட்டிக்கொண்டு லேசாக அசைந்தன. மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சுழற்றினால் பல்சக்கரம் மாதிரி தடக் தடக்கென்று விட்டு விட்டுத் திரும்பியது. ஊர்ப் பெயரை வரிசையாகப் பத்து முறை எழுதச் சொன்னேன். முதலாவது பெரிதாக இருந்தது, பத்தாவது எறும்பு ஊர்ந்த மாதிரி. வராந்தாவில் நடக்கவிட்டேன். இடது கை வீசியது, வலது கை உடம்போடு ஒட்டியே வந்தது. மகன் பார்த்துக்கொண்டே நின்றார். "ஆறு மாசமா மெதுவாத்தான் நடக்கறாருங்க. வயசாயிருச்சுன்னு நெனச்சோம்" என்றார்.

நடுக்கம் தனியாக வந்தால் அதைவிட, நடுக்கத்தோடு இந்த மந்தமும் விறைப்பும் சேர்ந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். சட்டைப் பொத்தான் போட நேரமாவது, நடக்கும்போது ஒரு கை வீசாதது, கையெழுத்து சுருங்குவது, முகத்தில் சிரிப்பு குறைவது. இவற்றில் எதையும் எந்த டீயும் தராது. இன்னொரு தவறான சமாதானத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். டென்ஷன் ஆனால்தான் அதிகமாகிறது, அதனால் டென்ஷன்தான் காரணம் என்பார்கள். பார்க்கின்சன் நடுக்கமும் டென்ஷனில் அதிகமாகும். நூறிலிருந்து கழிக்கும் கணக்கே அதற்காகத்தான். தூங்கும்போது நின்றுவிடுகிறது, அதனால் பயமில்லை என்பதும் அப்படித்தான். ஏறக்குறைய எல்லா நடுக்கமும் தூக்கத்தில் நின்றுவிடும்.

எனக்குப் பார்க்கின்சன் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணுங்க. வேற ஒண்ணுமில்லை." இந்தமுறை மகன் குறுக்கே வந்தார். "கேஸ் மாத்திரை தினம் சாப்பிடறாருங்க." அதை மாத்திரைக் கணக்கில் சேர்க்கவே பெரியவருக்குத் தோன்றவில்லை. ஒருமுறை வயிற்று உப்புசத்துக்கு யாரோ எழுதிக் கொடுத்தது. நன்றாகக் கேட்டதால் அட்டையைக் காட்டிக் காட்டி மருந்துக் கடையில் வாங்கி, பத்து மாதமாகக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தார். அட்டையை மகன் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லி வீட்டிலிருந்து வரவழைத்தார். அதில் இரண்டு மருந்துப் பெயர்கள் இருந்தன. முதலாவது பான்டபிரசோல், அமிலத்தைக் குறைப்பது. இரண்டாவது லெவோசல்பிரைடு.

அந்த இரண்டாவது பெயருக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். லெவோசல்பிரைடு வயிறு சீக்கிரம் காலியாவதற்கு உதவும். அதை அது செய்வது டோபமின் போய் உட்காரும் இடங்களை அடைப்பதன் மூலம். வயிற்றோடு நின்றுவிடாமல் மூளையிலும் அதே இடங்களை அடைக்கும். பார்க்கின்சன் நோயில் டோபமின் சுரக்காததால் வரும் விளைவு, இங்கே டோபமின் இருந்தும் வாசல் அடைபட்டதால் வருகிறது. அதே மந்தம், அதே விறைப்பு, அதே நடுக்கம். வயதானவர்களுக்கு, மாதக் கணக்கில் தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு இது கூடுதலாக வரும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, வாந்திக்கும் தலைச்சுற்றலுக்கும் தரும் புரோகுளோர்பெராசின், தலைச்சுற்றலுக்கான சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கான ஃபுளுனரிசின் ஆகியவையும் இதைச் செய்யக்கூடியவை. சில நாள் சாப்பிடுவதற்கு நல்ல மருந்துகள்தான். சிலநாள் மருந்து வருடக்கணக்கில் ஓடும்போதுதான் வம்பு. வீட்டில் பெரியவர்கள் தினமும் போடும் கேஸ் மாத்திரை, தலைசுற்றல் மாத்திரை அட்டைகளில் சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டாவது பெயரை மருந்துக் கடைக்காரரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேளுங்கள். மனநோய்க்கான மாத்திரைகளும் இதே நடுக்கத்தைத் தரலாம், ஆனால் அவற்றைத் தாமாக நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பழைய நோய் திரும்பும். எழுதிக் கொடுத்தவரிடம் போய்க் கேட்க வேண்டும்.

மருந்தால் வந்த நடுக்கம் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பது பாடம். பெரியவருக்கு வலது பக்கம் கூடுதலாக இருந்தது. அது எனக்கு உறுத்தியது. சிலருக்கு மூளைக்குள் பார்க்கின்சன் ஏற்கெனவே மெல்லத் தொடங்கியிருக்கும், மருந்து அதைச் சீக்கிரம் வெளியே காட்டிவிடும். அந்த நோய்க்கு முன்னோட்டமாகப் பல வருடம் முன்பே மோப்பம் குறையலாம், மலச்சிக்கல் இருக்கலாம், கனவு கண்டு தூக்கத்தில் கத்தி உதைக்கலாம். கேட்டேன். மலச்சிக்கல் மட்டும் கொஞ்சம் உண்டு, மற்றது இல்லை என்றார்கள். அந்த மாத்திரையை நிறுத்தினோம், அமிலத்துக்கு மட்டும் வேறு கொடுத்தோம். இது உடனே சரியாகாது, வாரங்கள் அல்ல மாதங்கள் ஆகும், ஆறு மாதம் கழித்தும் மிச்சம் இருந்தால் பார்க்கின்சன் என்று எடுத்துக்கொண்டு வைத்தியம் பார்ப்போம், நல்ல மருந்துகள் இருக்கின்றன என்று சொன்னேன். நரம்பியல் நிபுணர் ஒருவரிடமும் அனுப்பினேன். அவரும் அதையே சொன்னார்.

மகனுக்கு மருந்தே எழுதவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, தினமும் காலையில் முதல் டீக்கு முன்னாலும் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஒரு சுருள் வரைந்து தேதி போடச் சொன்னேன். டீயை ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்றேன். நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளில் தலைவலி மண்டையைப் பிளக்கும், எரிச்சல் வரும், மறுபடியும் டீக்கடைக்கே போவார். இரண்டு நாளுக்கு ஒரு கிளாஸ் வீதம், கடைசி டீயிலிருந்து ஆரம்பித்துக் குறைத்து மூன்றில் நிறுத்த வேண்டும், மாலை நாலு மணிக்குப் பிறகு கூடாது, காலையில் இட்லியோ பழைய சோறோ ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் டீ. மூன்று வாரம் கழித்து நோட்டைக் கொண்டுவந்தார். முதல் பக்கங்களில் காலைச் சுருளுக்கும் மாலைச் சுருளுக்கும் நன்றாக வித்தியாசம் தெரிந்தது, மாலையில் பிசிறு அதிகம். இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டும் ஒன்றாகிவிட்டன. டீயைக் குறைத்தும் மாலைச் சுருள் அப்படியே இருந்திருந்தால் நான் வேறு பக்கம் தேடியிருப்பேன். நகைக்கடனைத் திருப்பப் போனபோது நாற்காலி கேட்டு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதாகச் சொன்னார். கொஞ்சம் ஆடியதாம், ஆனால் ஏற்றுக்கொண்டார்கள்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு வரிசைச் சுருள்கள் இருந்தன. அப்பாவும் வரைய ஆரம்பித்திருந்தார், அவருக்கு நான் சொல்லவே இல்லை. முதல் மாதத்துச் சுருள்கள் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு நெருங்கிச் சுருண்டிருந்தன. கை மந்தமாக இருந்தால் சுருளும் சுருங்கும். மூன்றாவது வாரத்தில் மாற்றமே இல்லை. ஐப்பசியில் அவர்கள் மறுபடி வந்தபோது வீடே பார்த்துக்கொண்டிருந்த மாற்றம் அதில் தெரிந்தது. சுருள் இருமடங்கு விரிந்திருந்தது. மணிக்கட்டைச் சுழற்றினால் தடக் தடக் இல்லை. வராந்தாவில் வலது கையும் வீசியது, இடது கை அளவுக்கு இல்லை என்றாலும்.

கைகளை மடியில் வைத்து நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னேன். எழுபத்தி ரெண்டு வரை ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வலது கட்டைவிரல் மட்டும் மூன்று நான்கு முறை உருண்டு நின்றது. மகன் என்னைப் பார்த்தார். மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. "தை பொறந்ததும் கூட்டிட்டு வாங்க, திரும்பப் பாத்துரலாம்" என்றேன். பெரியவர் நோட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேல் பொத்தானை வலது கையாலேயே போட்டார்.